ஃப்ரீசர் டப்பா எத்தனை தடவை உருகியிருக்கும்?

"அக்கா, எங்க வீடு ஸ்ரீவைகுண்டத்துல. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்தான். ஃப்ரீசர்ல பின்னால நாலு சாமான் கிடக்கு, பேரும் இல்ல, தேதியும் இல்ல. எவர்சில்வர் டப்பால வெள்ளையா கட்டியா ஏதோ, பிளாஸ்டிக் டப்பால எண்ணெய் மிதந்து சிவப்பா ஒரு குழம்பு, கவர்ல மீன் துண்டு, ஐஸ்கிரீம் டப்பால பழுப்பா கறி மாதிரி ஒண்ணு. வெள்ளத்துக்கு முன்னால வச்சதா பின்னால வச்சதான்னு கூடத் தெரியல. அப்ப வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆனா கரண்டு நாலு நாள் இல்ல. மோந்து பாத்தா ஒரு வாடையும் இல்ல. 'கல்லு மாதிரி இருக்கு, கெட்டுப்போகாது, நல்லா கொதிக்க வச்சா சரியாயிரும்'னு அத்தை சொல்லுதாங்க. அத்தைக்கு சுகர் இருக்கு, பிள்ளைக்கு மூணு வயசு. வச்சுக்கிடவா, கொட்டிரவா?"
– ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

தங்கச்சி, மீன் கவரை இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள், அதில் யோசிக்க எதுவும் இல்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். மற்ற மூன்றையும் அத்தையிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். பதில் கிடைக்காவிட்டால் அவையும் வேண்டாம்.

முதலில் அத்தை சொல்வதில் பாதி சரி என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பாதியை நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் மீதிப் பாதியை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். நான் தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் இடத்தில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவள். எங்கள் குளிர் கிடங்கு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ நிற்கும். அந்தக் குளிரில் கிருமி எதுவும் பெருகாது. சாகவும் சாகாது, பெரும்பாலானவை அப்படியே கிடக்கும். ஆனால் பெருகாது. அதனால் மைனஸ் 18-ல் ஒரு நிமிஷம்கூட விட்டுப்போகாமல் இருந்த பொருள் ஆறு மாசம் ஆனாலும் ஒரு வருஷம் ஆனாலும் வயிற்றுக்குக் கெடுதல் செய்யாது, ருசிதான் போகும். ஓரம் காய்ந்து வெள்ளையாகும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், வேக வைத்தால் சக்கை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தேதி தெரியவில்லையே என்று நீங்கள் படுகிற கவலை உண்மையில் ருசியைப் பற்றிய கவலை. உடம்பைப் பற்றிய கேள்வி வேறு: இந்த டப்பா உள்ளே போன பிறகு எத்தனை தடவை உருகியிருக்கிறது, உள்ளே போகும்போது எந்த நிலையில் போனது?

உங்களுடையது சிங்கிள் டோர் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃப்ரீசர் கதவிலோ உள்பக்கமோ, இல்லையென்றால் கூட வந்த புத்தகத்திலோ நட்சத்திரக் குறி போட்டிருக்கும். கரண்டு எவ்வளவு இழுக்கும் என்று வெளியே பெரிதாக ஒட்டியிருக்கும் நட்சத்திரம் வேறு, அதைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் குறியில் ஒரு நட்சத்திரம் என்றால் அந்தப் பெட்டி மைனஸ் 6 வரைதான் போகும், இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று இருந்தால்தான் மைனஸ் 18. மைனஸ் 6-லும் தண்ணீர் கல்லாகத்தான் இருக்கும், கையால் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் கொழுப்பு கெடுவதும் மீன் சதை தளர்வதும் அங்கே எத்தனையோ மடங்கு வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் அதிக விலை இல்லை, ஒன்று வாங்கி ஒரு ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள், அப்புறம் எதை எவ்வளவு நாள் வைக்கலாம் என்று உங்களுக்கே ஒரு நிதானம் வந்துவிடும்.

சரி, உருகிய விஷயத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 மழையை உங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் உங்கள் ஸ்டேஷனிலேயே ஆட்களோடு நின்றுபோனது. தனியாக நிற்கிற டீப் ஃப்ரீசர், நிறையச் சாமான் அடைத்து மூடியே இருந்தால், கரண்டு இல்லாமல் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். இது நல்ல கனமான சுவர் உள்ள பெட்டிக்கான கணக்கு. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற மெல்லிய கதவு போட்ட சின்னப் பெட்டி அதில் பாதிகூடத் தாங்காது. நான்கு நாள் என்றால் உள்ளே இருந்த அத்தனையும் முழுசாக உருகி, அறையின் சூட்டுக்கு வந்து, ஒன்றிரண்டு நாள் அப்படியே கிடந்து, கரண்டு வந்ததும் மறுபடி கல்லாகியிருக்கும். அதனால் வெள்ளத்துக்கு முன்னால் வைத்தது என்று தெரிந்தாலும் சரி, அப்படி இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலும் சரி, அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வெள்ளை, சிவப்பு, பழுப்பு எதற்கும் இதில் விலக்கு இல்லை.

வெள்ளத்துக்குப் பின்னால் வைத்தது என்று உறுதியானால்தான் மேற்கொண்டு பேச்சு. அங்கே இரண்டு விஷயம் குறுக்கே வரும். ஒன்று, மாசாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை நிறுத்துகிற கரண்டு. கதவைத் திறக்காமல் விட்டால் இதற்குப் பெரிய டப்பாக்கள் அசையாது. ஐஸ் எடுக்க, பால் எடுக்க என்று நாலு தடவை திறந்தால் மேலாக இருக்கிற மெல்லிய கவர்கள் இளகும். இரண்டாவதுதான் முக்கியம், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை: டீஃப்ராஸ்ட் பட்டன். பனி கெட்டியாகப் படிந்துபோனால் நடுவில் இருக்கிற அந்தப் பட்டனை அமுக்கிவிட்டுப் படுக்கப் போய்விடுவோம், காலையில் தட்டில் தண்ணீர் நிற்கும், துடைத்து எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைப்போம். அந்தப் பட்டனை அமுக்கினால் ஃப்ரீசர் சுவரில் இருக்கும் பனியெல்லாம் உருகி முடிகிறவரை மெஷின் ஓடாது. சுவர்ப் பனி உருகுகிறது என்றால் உள்ளே இருக்கிற மீனும் கறியும் மட்டும் உருகாமல் இருக்குமா? கரண்டு போனதை ஞாபகம் வைத்திருக்கிற வீட்டில்கூட, தாங்களே அமுக்கின இந்தப் பட்டன் ஒரு கரண்டு கட்டுக்குச் சமம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் ஒரே டீஃப்ராஸ்டில் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி பாதிக்கப்படாது. ஒரு லிட்டர் குழம்பு கெட்டியாக உறைந்த டப்பா, பின்னால் மூலையில் இருந்தால், மேலே விரல் கனத்துக்கு இளகினாலும் நடுவே மணிக்கணக்கில் கல்லாகவே இருக்கும். நடுவில் கட்டி இருக்கிறவரை அதைச் சுற்றியிருக்கும் குழம்பும் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். வருகிற சூடெல்லாம் கட்டியை உருக்குவதற்கே செலவாகிவிடும், குழம்பைச் சூடாக்க மிச்சம் இருக்காது. அதனால்தான் உருக ஆரம்பித்த பொருளில் கையால் அழுத்தினால் உள்ளே ஐஸ் தட்டுப்படுகிறது என்றால், இல்லையென்றால் 4 டிகிரிக்குக் கீழே சில்லென்று இருக்கிறது என்றால், திரும்ப உறைய வைக்கலாம் என்கிறோம். ருசி குறையும், ஆபத்து இல்லை. அதே நேரத்தில், மெல்லிய கவரில் தட்டையாகப் பரப்பி, கதவுப் பக்கம் மேலாகக் கிடந்த மீன் முழுசாக உருகி வியர்த்திருக்கும். பின்னால் கிடக்கிற டப்பா என்றால் பழசு என்று மட்டும்தான் நினைக்கிறோம், ஆனால் பின்பக்கம்தான் ஃப்ரீசரிலேயே குளிர் அதிகம் மாறாத இடம், கதவைத் திறந்து மூடுகிற காற்று அங்கே குறைவாகத்தான் போகும். பழைய டப்பா பின்னால் இருந்ததால் தப்பித்து, போன மாசம் வைத்த கவர் முன்னால் இருந்ததால் கெட்டுப்போவது நடக்கும்.

உருகி மறுபடி உறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்றால், துண்டு துண்டாக இருக்கிற பொருளில் முடியும், குழம்பில் முடியாது. தனித்தனித் துண்டாகப் போட்டது ஒரே பாறையாக ஒட்டி, இடையில் ரோஸ் நிறத்திலோ பழுப்பாகவோ ஐஸ் பாய்ந்திருந்தால் அது துண்டுகளிலிருந்து வடிந்த நீர். கவரின் ஒரு மூலையில் அந்த நீர் தேங்கிக் கட்டியாகியிருக்கும். டப்பாவின் வெளிப்பக்கம் குழம்பு வழிந்த தடம் உறைந்திருந்தால், மூடி உப்பியிருந்தால், பக்கத்து டப்பாவின் விளிம்பு பதிந்த பள்ளம் கவரில் இருந்தால், அதெல்லாம் சாட்சிதான். குழம்பு நன்றாக உருகி நன்றாக உறைந்தால் மேலே மட்டமாக, பார்க்க அழகாகவே இருக்கும், ஒன்றும் காட்டிக்கொடுக்காது. டப்பா சுவர்ப் பனிக்குள் புதைந்து, எடுக்க வராமல் இருந்தால் அது ஒரு நல்ல தகவல். அந்தப் பனி வளர்ந்த காலம் முழுவதும் டப்பா அசையவில்லை, சுவரும் உருகவில்லை. அதற்கு முன்னால் நடந்ததை அது சொல்லாது. அப்புறம், புதைந்ததை எடுக்கக் கத்தி, அரிவாள்மனை எதையும் வைத்து நெம்பாதீர்கள். அந்த அலுமினியச் சுவருக்குள்தான் கேஸ் ஓடுகிறது, ஒரு பொத்தல் விழுந்தால் ஃப்ரிட்ஜே போய்விடும்.

மோந்து பார்த்தேன், வாடை இல்லை என்கிறீர்கள். உறைந்த பொருளில் வாடை வராது. வாடை என்பது ஆவியாகி மூக்குக்கு வர வேண்டும், அந்தக் குளிரில் அது எழும்பாது. ஊசிப்போன குழம்பைக்கூடக் கல்லாக்கி மூக்குக்கு நேரே நீட்டினால் உங்களுக்கு ஐஸ் வாடைதான் வரும். ஒரு கரண்டியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, ஓரத்தில் கொஞ்சமாகச் சுரண்டி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, அதில் ஆவி வரும்போது மோந்து பார்த்தால்தான் அது பரிசோதனை. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கரண்டியையும் கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கொதிக்க வைப்பதைப் பற்றி. தளதளவென்று கொதித்தால் உயிரோடு இருக்கிற கிருமி செத்துவிடும், அது உண்மை. ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்னால் விஷத்தைக் கக்கிவிட்டிருக்கும், அந்த விஷம் கொதிக்கிற சூட்டுக்கும் அசையாது. நம் கையிலும் மூக்கிலும் இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் அப்படிப்பட்டது. வெந்த கறியைக் கையால் அள்ளி டப்பாவில் போட்டு, அது வெளியில் அரை நாள் இருந்தாலே போதும். விஷம் சேர்ந்த பிறகு உறைய வைத்தாலும் அது இருக்கும், கொதிக்க வைத்தாலும் இருக்கும், வாடையும் காட்டாது. ஆகவே அடுப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அந்த டப்பா பட்ட பாட்டைக் கேட்டு முடிவெடுங்கள்.

இப்போது அந்த மீன். என்ன மீன் என்று தெரியாத துண்டு, எப்போது வைத்தது என்று தெரியாது, கவரில் இருக்கிறது, டீஃப்ராஸ்ட் ஆகிற ஃப்ரீசர். இதில் எனக்குப் பயமெல்லாம் ஹிஸ்டமின் என்கிற ஒன்றைப் பற்றித்தான். சூரை, வஞ்சிரம், அயிலை, சாளை, நெத்திலி மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் குளிர் இல்லாமல் கிடக்கிற நேரத்தில் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாற்றுகிற அந்த நொதி இருக்கிறதே, பாக்டீரியா செத்த பிறகும் அது வேலை செய்யும். உறைந்திருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, அடுத்த தடவை உருகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு டீஃப்ராஸ்டுக்கும் ஹிஸ்டமின் கொஞ்சம் ஏறும், ஏறியது இறங்காது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது, டின்னில் அடைத்து அழுத்தத்தில் வேக வைக்கிற சூட்டுக்கே அது தாக்குப்பிடிக்கும். ஏற்றுமதி சரக்கில் இதற்கென்று தனியாக லேபில் சோதிப்பதற்குக் காரணமே, பார்வையும் மூக்கும் இதில் உதவாது என்பதுதான். மீன் பார்க்க நன்றாகவே இருக்கும். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, காது சூடாகி, உடம்பு அரித்து, தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு வயிற்றாலும் போகும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதே ஃப்ரீசரிலிருந்து அடுத்த கவரை எடுப்பார்கள். வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி நாக்கு சுருக்கென்றால் உடனே துப்பிவிட வேண்டும், ஆனால் எல்லா நேரமும் சுருக்கென்று இருக்காது.

விளமீன், சங்கரா மாதிரி இருந்தால் ஹிஸ்டமின் பயம் இல்லை. ஆனால் தோல் உரித்து, துண்டு போட்டு, உறைந்த மீனில் எது எது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த மீனானாலும் உருகி எத்தனை மணி நேரம் கிடந்தது என்பது தெரியாதே. போகட்டும், கொட்டிவிடுங்கள். பூனைக்கும் போட வேண்டாம், கவரோடு கட்டிக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் தோட்டத்தில் நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள்.

மற்ற மூன்றுக்கு அத்தையிடம் போங்கள். 'எப்ப வச்சது?' என்று கேட்காதீர்கள், யாருக்குமே அது ஞாபகம் இருக்காது. 'எதுக்கு வாங்குனது அத்தை, எந்த விசேஷத்துல மிஞ்சினது?' என்று கேளுங்கள். கோயில் கொடையில் பங்கு வந்த கறியா, ஆடி அமாவாசைக்குத் துருவின தேங்காயா, தீபாவளிக்கு வைத்த குழம்பா என்று ஒரு பேர் வந்துவிட்டால் மாசம் வந்துவிடும், வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதும் வந்துவிடும். அடுத்த கேள்வி, 'உள்ள வைக்கதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு?' இதைக் குற்றம் கேட்கிற மாதிரி கேட்டால் பதில் வராது. அத்தை சமையலைப் பற்றிப் பேசவிட்டாலே இது தானாக வந்துவிடும்.

இந்த இரண்டாவது கேள்விதான் அந்தச் சிவப்புக் குழம்புக்குத் தீர்ப்பு. நம் பக்கம் கறிக்குழம்பு மதியம் வைத்தால் சட்டியோடு அடுப்படியிலேயே இருக்கும், ராத்திரி ஒரு சூடு பண்ணுவோம், மறுநாள் மிஞ்சினதை டப்பாவில் அடைப்போம். ஆறிக்கொண்டிருக்கிற கனமான சட்டியின் நடுவே கறிக்குழம்பு ரொம்ப நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும், சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருப்பதால் அது அதற்குக் கீழே இறங்கவும் இறங்காது. கொதியில் சாகாத வித்துகள் முளைத்துப் பெருகுவதற்கு அந்த இளஞ்சூடு போதும், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்கிற கிருமி 43, 45 டிகிரியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. 'மறுநாள்தான் உள்ள வச்சேன்' என்று அத்தை சொன்னாலே கொட்டிவிடலாம், உறைந்த பிறகு அதற்கு நடந்ததெல்லாம் அப்புறம்தான். 'அன்னைக்கே ஆற வச்சு, சின்ன டப்பால ஊத்தி, ரெண்டு மணி நேரத்துல உள்ள வச்சுட்டேன்' என்றால், வெள்ளத்துக்குப் பின்னால் என்பதும் உறுதியானால், டீஃப்ராஸ்ட் பண்ணின நாட்களிலும் டப்பா நடுவில் கல்லாகவே இருந்தது என்று நீங்களோ அவர்களோ கண்ணால் பார்த்திருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள், மேடையில் வைத்து உருக்க வேண்டாம். காலையில் நடுவிலும் கொதி வருகிறவரை கிண்டிக் கொதிக்க வைத்து அன்றே முடித்துவிடுங்கள். மீன் குழம்பாக இருந்தால் மேலே சொன்ன ஹிஸ்டமின் கதை இதற்கும் பொருந்தும், எண்ணெயையும் புளியையும் பார்த்து ஏமாறாமல் கொட்டிவிடுங்கள்.

அரைகுறையாகத் தெரிந்தால் என்ன செய்வது? பெரியவர்கள் மட்டும் சாப்பிடுவோம், பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு நடுவழி எடுக்க உங்கள் வீட்டில் இடம் இல்லை. சுகர் இருக்கிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிடவும் முடியாமல் மாத்திரையும் போட்டுக்கொண்டு, சர்க்கரை தாறுமாறாகப் போகும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு ராத்திரியிலேயே நீர் வற்றிவிடும். ஒரு டப்பா குழம்புக்காக இந்த இரண்டு பேரை வைத்துப் பார்க்க வேண்டாம்.

பழுப்புக் கறி பச்சைக் கறியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆட்டுக்கறி ஃப்ரீசரில் பழுப்பாவதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், கறியின் சிவப்புக்குக் காரணமான நிறமி காற்றுப் பட்டு மாறுவது அது. ஓரத்தில் வெள்ளையாக, காய்ந்த பஞ்சு மாதிரி இருப்பதும் கெடுதல் இல்லை, ஈரம் போன இடம், சீவி எறிந்துவிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது டப்பாவின் அடி. டப்பாவை மூடியோடு ஒரு நிமிஷம் தண்ணீரில் வைத்தால் கட்டி கழன்றுவிடும், தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் லேசாகச் சிவப்பு ஐஸ் படிந்திருந்தால் கழுவிப் போட்ட தண்ணீராக இருக்கலாம். விரல் கனத்துக்குச் சிவப்பு ஐஸ் தட்டாக இருந்து, அதன் மேல் கறித் துண்டுகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டியிருந்தால் ஒரு தடவையாவது முழுசாக உருகியிருக்கிறது, அது வேண்டாம். அடி சுத்தமாக இருந்து, கொடைக்கு வெட்டின அன்றைக்கே உள்ளே வைத்தது என்று அத்தை சொன்னால், கீழ்த்தட்டில் உருக்கி, ஒரே ஒரு துண்டை உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேக வைத்து, ஆவியை மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் பலகாரத்தில் வருகிற சிக்கு வாடை வந்தால் கொழுப்பு கெட்டிருக்கிறது, எந்த மசாலாவிலும் அது மறையாது. வாடை இல்லாவிட்டால் குக்கரில் நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள், வறுவலுக்கு வேண்டாம், சக்கையாக இருக்கும்.

வெள்ளைக் கட்டியைச் சுரண்டி உருக்கினால் பூவாகப் பிரிந்தால் தேங்காய். இட்லி மாவாக இருந்தால் கொட்டிவிடுங்கள், இவ்வளவு நாளைக்குப் பிறகு அது பொங்காது. தேங்காய்த் துருவலில் சோப்பு வாடை வருகிறதா என்று பாருங்கள், தேங்காயில் இருக்கிற கொழுப்பு பிரிந்தால் வருகிற வாடை அது. வந்தால் சொதியே கெட்டுப்போகும். வராவிட்டால், வெள்ளத்துக்குப் பின்னால் என்பதும் தெரிந்தால், அரைத்துக் கொதிக்க விடுகிற குழம்புக்குப் பயன்படுத்துங்கள். சட்னிக்கும் துவையலுக்கும் பச்சையாக எடுக்க வேண்டாம், அங்கே அதைச் சூடு எதுவும் தொடாது.

இனிமேல் வைக்கிறதில் பேரும் தேதியும் எழுதுவீர்கள், அதைச் சொல்லத் தேவையில்லை. டப்பா காய்ந்திருக்கும்போதே, உள்ளே வைப்பதற்கு முன்னால், பெயிண்டர்கள் ஒட்டுகிற அந்த மஞ்சள் பேப்பர் டேப்பை ஒட்டி மார்க்கரில் எழுதுங்கள், பனி பிடித்த டப்பாவில் எதுவும் ஒட்டாது. பச்சையா வெந்ததா என்பதையும், மீன் என்றால் என்ன மீன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டீஃப்ராஸ்ட் பட்டனை ராத்திரி அமுக்காமல் பகலில் அமுக்குங்கள், அமுக்குவதற்கு முன் டப்பாக்களை எல்லாம் வெளியே எடுத்து, நெருக்கமாக அடுக்கி, செய்தித்தாளில் சுற்றி, ஒரு தெர்மாகோல் பெட்டியில் மூடி வையுங்கள். மீன் கடையில் கேட்டாலே அந்தப் பெட்டி கிடைக்கும். திரும்ப வைக்கும்போது ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டி தட்டுப்படாத எதையும் உறைய விடாமல் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரின் முன்பக்கம் வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் பெரிதாக எதுவும் உருகவில்லை. டம்ளரின் அடிக்குப் போயிருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் முழுசாக உருகி உறைந்திருக்கிறது, உள்ளே இருக்கிற மீன், கறி, குழம்பு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.